சர்வீஸ் கணக்கு: கழித்துப் பார்ப்பதா, கூட்டிப் பார்ப்பதா?

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது செட்டில்மென்ட் தாளில் மூன்று தேதிக் கணக்குகள் வரும். எத்தனை வருட சர்வீஸ், நோட்டீஸ் என்றைக்கு முடிகிறது, பணம் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பவை அவை. சேர்ந்த தேதியும் கடைசி வேலை நாளும் சரியாகவே இருக்கும், ஆனால் நடுவில் போடும் கணக்கில் ஒரு நாள் பிசகும். அந்த ஒரு நாள் கிராஜுவிட்டியில் ஒரு முழு வருடமாக மாறக்கூடியது. அதனால் பழக்கத்தில் உள்ள முறைகளை ஒரே தேதிகளில் ஓட்டிப் பார்ப்போம்.

கிராஜுவிட்டி விதி 1972 சட்டத்திலும் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் ஒன்றுதான். முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து. முழு வருடங்கள் போக மிச்சம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதையும் ஒரு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'தாண்டினால்' என்பதுதான் முக்கியம். சரியாக ஆறு மாதம் என்றால் அது வருடமாகாது.

ஒருவர் 01-04-2017-இல் சேர்ந்து 30-09-2025 வரை வேலை செய்தார், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 600, ஒரு வருடத்துக்கு 9,000. அவருடைய சர்வீஸ் நாள் பிசகாமல் 8 வருடம் 6 மாதம். ஆகவே 8 வருடம், 72,000 ரூபாய். 9 என்று போட்டால் 81,000. அவரே இன்னும் ஒரு நாள், 01-10-2025-உம் வேலைக்கு வந்திருந்தால் 9 வருடம்தான் சரி.

முதல் முறை, நாட்களைக் கழித்து 365-ஆல் வகுப்பது. எக்செல்லில் இரண்டு தேதிகளைக் கழித்தால் 3,104 வரும். கடைசி நாளும் வேலை செய்த நாள் என்பதால் ஒன்று கூட்டினால் 3,105. 365-ஆல் வகுத்தால் 8.507, 'எட்டரைக்கு மேல்' என்று 9 ஆகிவிடும். லீப் வருடத்துக்காக 365.25 போடுகிறவர்களும் தப்புவதில்லை, 8.501 வருகிறது. காரணம் லீப் வருடம் மட்டுமல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 184 நாள். ஆனால் 365.25-இல் பாதி 182.6 தான். மாதங்கள் சமநீளமில்லாதபோது சராசரி வருடத்தால் வகுத்து ஆறு மாதத்தை அளக்க முடியாது. தோராயமாகச் சொல்லப் போதுமான முறை இது. செட்டில்மென்ட் தாளில் இதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, பழைய சர்வீஸ் ரெஜிஸ்டர் முறை. வருடம், மாதம், நாள் என்று மூன்று கட்டம் போட்டு, போதாவிட்டால் மாதத்தை 30 நாளாக உடைத்துக் கடன் வாங்கிக் கழிப்பது. பேனாவும் தாளும் போதும், போட்டதை எவரும் சரிபார்க்கலாம். மேலே சொன்னவருக்கு 8-5-29 வரும், ஒரு நாள் கூட்டினால் 8-5-30, அதாவது 8-6-0. சரியான விடை. ஆனால் 01-03-2020-இல் சேர்ந்து 31-08-2025-இல் விலகியவருக்கு இதே முறையில் 5-5-30, ஒன்று கூட்டினால் 5-5-31, முப்பதை மாதமாக்கினால் 5-6-1. இல்லாத ஒரு நாள் வந்துவிட்டது, 5 வருடம் 6 ஆகிவிட்டது. கடைசி நாள் 31-ஆம் தேதி என்றால் இந்த முறையை நம்பாதீர்கள்.

மூன்றாவது, எக்செல்லின் DATEDIF சூத்திரம். காலண்டர் மாதத்தையே அளப்பதால் முந்தைய இரண்டையும் விட நல்லது. ஆனால் இது இரண்டு தேதிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தைத்தான் சொல்லும், கடைசி நாளைச் சேர்க்காது. 01-07-2019 முதல் 30-06-2024 வரை முழுசாக ஐந்து வருடம் உழைத்தவருக்கு நேரடியாகப் போட்டால் 4 வருடம் 11 மாதம் 29 நாள் என்று காட்டும். கிராஜுவிட்டிக்கான ஐந்து வருட வரம்பில் நிற்கிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. கடைசி நாளுடன் ஒன்று கூட்டியே கொடுக்க வேண்டும். A2 சேர்ந்த தேதி, B2 கடைசி வேலை நாள்:

```
=DATEDIF(A2,B2+1,"Y")
=DATEDIF(A2,B2+1,"YM")
=DATEDIF(A2,B2+1,"MD")
```

மூன்றாவது வரியில்தான் வம்பு. "MD" சில தேதிகளில் தப்பான எண் தரும் என்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரிக்கிறது. 31-01-2023-க்கும் 01-03-2023-க்கும் இடையே போட்டால் -2 என்று வருகிறது. மிச்ச நாள் மைனஸில் இருப்பதைக் கண்டால் உடனே பிடித்துவிடலாம், ஆனால் எல்லா நேரமும் அது மைனஸில் வருவதில்லை. ஆறு மாதம் தாண்டியதா என்பதை முடிவு செய்வது அந்த மிச்ச நாள்தான். அந்த ஒரு எண்ணை வைத்து 9,000 ரூபாயைத் தீர்மானிப்பது சரியல்ல.

நான்காவது முறையில் கழித்தலே கிடையாது. சேர்ந்த தேதியிலிருந்து மாதங்களைக் கூட்டி, எட்டரை வருடம் எந்தத் தேதியில் நிறைகிறது என்று பார்த்து, கடைசி வேலை நாள் அதைத் தாண்டியதா என்று கேட்பது. C2-வில் முடிந்த முழு வருடம், அதாவது மேலே உள்ள முதல் வரியின் விடை இருக்கட்டும்:

```
=EDATE(A2,12*C2+6)-1
=C2+(B2>EDATE(A2,12*C2+6)-1)
```

முதல் வரி நம் ஆளுக்கு 30-09-2025 என்று காட்டும் (எண்ணாகத் தெரிந்தால் செல்லைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள்). கடைசி நாளும் அதுவே. தாண்டவில்லை, 8. இரண்டாவது ஆளுக்கு 31-08-2025 வரும். அங்கும் தாண்டவில்லை, 5. இதில் இன்னொரு நல்லது, தகராறு வந்தால் தொழிலாளியிடம் 8.501 என்று தசமம் காட்டி வாதாட வேண்டியதில்லை. 'எட்டரை வருடம் 30-ஆம் தேதியோடு நிறைந்தது, அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை' என்றால் அவருக்கும் புரியும், அவர் வீட்டுக் காலண்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

| முறை | 01-04-2017 – 30-09-2025 | 01-03-2020 – 31-08-2025 |
|---|---|---|
| 365 அல்லது 365.25-ஆல் வகுத்தல் | 9, தப்பு | 6, தப்பு |
| 30 நாள் மாதம், கையால் | 8, சரி | 6, தப்பு |
| DATEDIF, கடைசி நாளுடன் 1 கூட்டி | 8, சரி | 5, சரி |
| EDATE-ஆல் கூட்டிப் பார்த்தல் | 8, சரி | 5, சரி |

EDATE-க்கும் ஓர் எல்லை உண்டு. 29, 30, 31-இல் சேர்ந்தவர்களுக்கு இலக்கு மாதத்தில் அந்தத் தேதி இல்லாவிட்டால் அது மாதக் கடைசிக்கு இறங்கிவிடும், அதிலிருந்து ஒன்று கழிக்கும்போது ஒரு நாள் குறையும். 31-08-2019-இல் சேர்ந்தவருக்கு நாலரை வருடம் 28-02-2024-இல் நிறைவதாகக் காட்டும். 29 வரை எடுப்பதே நியாயம். இத்தகைய ஆட்களைத் தனியாகக் குறித்துக் கையால் பாருங்கள். இடையில் சம்பளமில்லா விடுப்போ பணி முறிவோ இருந்தால் அது தொடர் சர்வீஸில் சேருமா என்பதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் எந்தச் சூத்திரத்துக்கும் போக வேண்டும்.

நோட்டீஸில் போட்டி '30 நாள்' என்பதற்கும் 'ஒரு மாதம்' என்பதற்கும். இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் பாதிப் பேர் கணக்குப் போடுகிறார்கள். 31-01-2025-இல் ராஜினாமா கொடுத்தால், கொடுத்த நாளை விட்டு எண்ணினால் 30 நாள் 02-03-2025-இல் முடியும், ஒரு மாதம் 28-02-2025-இல் முடியும். 01-07-2025-இல் கொடுத்தால் தலைகீழ்: 30 நாள் 31-07-இல், ஒரு மாதம் 01-08-இல். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்து இரண்டில் ஒன்றைப் போடுங்கள்:

```
=A2+30
=EDATE(A2,1)
```

இங்கே A2 கடிதம் கொடுத்த தேதி. 1897-ஆம் வருட பொது விதிகள் சட்டத்தில் மாதம் என்றால் காலண்டர் மாதம், 'முதல்' என்று சொன்ன நாளை விட்டே எண்ண வேண்டும். அது சட்டங்களைப் படிப்பதற்கான விதி. கம்பெனி ஆர்டரில் கொடுத்த நாளையும் சேர்த்து என்று இருந்தால் ஆர்டர்படியே போகலாம். இரண்டு மாத நோட்டீஸுக்கு EDATE-ஐ இரண்டு தடவை அடுக்காதீர்கள். 31-01-இலிருந்து ஒவ்வொரு மாதமாகக் கூட்டினால் 28-02, பிறகு 28-03 வரும். ஒரேயடியாக 2 என்று கொடுத்தால்தான் 31-03 கிடைக்கும்.

மேலே எதைத் தேர்ந்தாலும் செல்லில் இருப்பது உண்மையில் தேதிதானா என்று முதலில் பாருங்கள். நம் பக்கம் பழைய ரெஜிஸ்டர்களில் 01.04.2017 என்று புள்ளி வைத்தே எழுதியிருப்பார்கள், அப்படியே தட்டினால் எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து. இடது பக்கம் ஒட்டி நிற்கும், கழித்தால் #VALUE! வரும். இதுவாவது கண்ணில் படும். கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05-08-2019 சத்தமில்லாமல் மே 8 ஆகிவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலதிலும், நாள் 12-க்கு மேலுள்ளவை மட்டும் இடதிலும் நின்றால் அதுதான் அடையாளம். வலதில் நிற்பவையும் மாறிப்போயிருக்கும், அத்தனையையும் மூல ரெஜிஸ்டரோடு ஒப்பிட வேண்டும்.

கெடு தேதியில் நாள் கணக்கும் வேலை நாள் கணக்கும் வெவ்வேறு. கிராஜுவிட்டியை அது கொடுக்க வேண்டியதான நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அது காலண்டர் நாள், ஆகவே 30-09-2025-க்குக் கெடு 30-10-2025. நிர்வாகமே ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் நிலுவைச் சம்பளத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். 21-11-2025 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு இதை ராஜினாமா செய்பவருக்கும் நீட்டித்திருக்கிறது. இந்த இடத்தில் WORKDAY போடுகிறவர்கள் சனிக்கிழமையையும் விடுமுறையாகத் தள்ளிவிடுவதைக் கவனிப்பதில்லை. ஆறு நாள் ஓடும் தொழிற்சாலைக்கு ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான 11-ஐக் கொடுக்க வேண்டும்:

```
=WORKDAY.INTL(B2,2,11,H2:H10)
```

H பத்தியில் அந்த வருட விடுமுறைப் பட்டியல். 30-09-2025 செவ்வாய்க்கிழமை. மறுநாள் ஆயுத பூஜை, அதற்கடுத்தது காந்தி ஜெயந்தி. இரண்டுக்கும் விடுமுறை விட்ட தொழிற்சாலைக்குக் கெடு சனி, 04-10-2025. வெறும் WORKDAY திங்கள் 06-10 என்று காட்டும், பட்டியலே கொடுக்காவிட்டால் 02-10 என்று காட்டும். காந்தி ஜெயந்தி எல்லா இடத்திலும் ஒன்று, பண்டிகை நாட்கள் அப்படியில்லை. ஆம்பூர், வாணியம்பாடியில் ரம்ஜானும் பக்ரீதும் பட்டியலில் இருக்கும், பக்கத்துத் தொழிற்சாலையில் இல்லாமல் போகலாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் அந்த வருடத்துப் பட்டியலையே H பத்தியில் தட்டுங்கள், போன வருடத் தாளைக் காப்பி செய்ய வேண்டாம்.