கறுப்புப் பட்டையை வெட்ட: கண்ணா, ட்ரிம்மா, கிராப்டிடெக்டா?

அகலத்திரைப் படம் ஒன்றிலிருந்து 1920×1080 அளவில் ஒரு பிரேமை எடுத்தால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை ஒட்டிக்கொண்டே வரும். படம் ஸ்கோப் விகிதத்தில், அதாவது 2.39:1 என்று இருந்தால், 1920-ஐ 2.39-ஆல் வகுத்து 803.3 என்ற உயரம் கிடைக்கும். நடைமுறையில் இது 804 என்று இருப்பது வழக்கம். மிச்சமுள்ள 276 வரிசைகள் மேலே 138, கீழே 138 என்று பிரியும். இந்த 138-ஐச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு மூன்று வழிகள் உண்டு: கிம்ப்பில் கண்ணால் பார்த்து வெட்டுவது, இமேஜ்மேஜிக்கின் ட்ரிம், எஃப்எஃப்எம்பெக்கின் கிராப்டிடெக்ட்.

ஒரே ஒரு படம்தான் என்றால் கிம்ப் போதும். Shift+C அழுத்தி கிராப் கருவியை எடுத்து, மவுஸால் இழுப்பதற்குப் பதிலாக, கருவியின் அமைப்புப் பலகையில் இடம் 0, 138 என்றும் அளவு 1920, 804 என்றும் தட்டச்சு செய்யுங்கள். பிறகு 800 சதவீதம் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள். இருட்டுக் காட்சி என்றால் பட்டை எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அப்போது லெவல்ஸ் பெட்டியில் நடு அம்பின் மதிப்பை 3 வரை ஏற்றினால் இருட்டுக்குள் இருக்கும் படம் வெளியே வரும். எல்லையைக் குறித்துக்கொண்டு Ctrl+Z அடித்துவிடலாம். இது மெதுவான வழிதான், ஆனால் ஏமாற்றாது. நாற்பது பிரேம்களுக்கு இதைச் செய்யப் பொறுமை வேண்டும்.

ட்ரிம் ஒரே வரியில் முடிந்துவிடும்:

```
magick frame.png -fuzz 8% -trim +repage out.png
```

படத்தின் மூலையில் என்ன நிறம் இருக்கிறதோ, அதே நிறத்தில் உள்ள விளிம்புகளை இது கழற்றிவிடும். `-fuzz` இல்லாமல் ஓட்டினால் பல நேரம் பட்டை அப்படியே நிற்கும். கண்ணுக்குத் தனிக் கறுப்பாகத் தெரிந்தாலும், வீடியோவைச் சுருக்கியதில் பட்டைக்குள் அங்கங்கே, 0 முதல் 255 வரையிலான அளவில் 1, 2 என்று சின்ன மதிப்புகள் கசிந்திருக்கும். ஒரு பிக்சல் மாறினாலும் ட்ரிம் அங்கேயே நின்றுவிடும். `-fuzz` அந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. `+repage` விட்டுப்போனால் PNG கோப்பு பழைய 1920×1080 சட்டகத்தின் நினைவைத் தன்னுள் வைத்திருக்கும்; அடுத்த முறை வெட்டும்போது இடம் பிசகும்.

இந்தப் பொறுமையே இரவுக் காட்சியில் ஆபத்தாகிறது. வானம் முழுக்க 10, 15 என்ற மதிப்பில் இருந்தால், 8 சதவீதம் அதையும் பட்டை என்று எண்ணி விழுங்கிவிடும். எனவே வெட்டுவதற்கு முன்பு, எங்கே வெட்டப்போகிறது என்று கேட்டுவிடுவது நல்லது:

```
magick frame.png -fuzz 8% -format "%@" info:
```

`1920x804+0+138` என்று வந்தால் நிம்மதி. `1920x690+0+252` என்று வந்தால் இரண்டு சந்தேகங்கள் எழ வேண்டும். மேலே 252 போகிறது, கீழே 1080-252-690 = 138தான் போகிறது; பட்டைகள் பொதுவாக இருபுறமும் சமமாகவே இருக்கும். அடுத்து, 1920-ஐ 690-ஆல் வகுத்தால் 2.78. புழக்கத்தில் உள்ள 1.85, 2.00, 2.20, 2.35, 2.39 ஆகிய எதனோடும் இது ஒட்டவில்லை. மேலே 114 வரிசை வானம் பறிபோகப் போகிறது என்று பொருள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. பட்டைக்குள் சப்டைட்டில் இருந்தாலோ, சானல் லோகோ இருந்தாலோ, நம் ஊர்ப் படங்களில் சிகரெட் காட்சிக்கு அடியில் வரும் எச்சரிக்கை வாசகம் பட்டையில் விழுந்திருந்தாலோ, ட்ரிம் அந்த எழுத்தோடு நின்றுவிடும்; கீழ்ப்பட்டையில் பாதி தங்கிவிடும்.

கிராப்டிடெக்ட் பிரேமை விட்டுவிட்டு வீடியோவையே பார்க்கிறது. பலம் அங்கேதான்.

```
ffmpeg -ss 00:20:00 -i film.mkv -t 60 -vf cropdetect=limit=24:round=2 -f null -
```

ஒரு நிமிடக் காட்சியில் எந்தப் பிரேமிலாவது வெளிச்சம் எட்டிய எல்லை வரை அது விரித்துக்கொண்டே போகும். இருட்டுப் பிரேம் ஐம்பது இருந்தாலும், பகல் காட்சி ஒன்று வந்தால் போதும். கடைசி வரியில் `crop=1920:804:0:138` என்று நிற்கும். மேலும், ஒவ்வொரு வரிசையின் சராசரி வெளிச்சத்தைத்தான் இது அளக்கிறது. ஆகவே பட்டையில் ஒரு மவுஸ் அம்பு கிடந்தாலும் அசையாது. நீளமான சப்டைட்டில் வரி சராசரியையே உயர்த்திவிடும் என்பதால் அதற்கு மட்டும் ஏமாறும். சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

இங்கே `round` என்ற எண்ணைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம். எதுவும் சொல்லாவிட்டால் அது 16. 804 என்பது 16-ஆல் வகுபடாததால் 800 ஆகக் குறைந்து, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நல்ல வரிசைகள் வீணாகும். 2 என்று கொடுத்தால் அந்த இழப்பு இல்லை. PNG பிரேம் ஒன்றின் மேல் இதை ஓட்டுவதாக இருந்தால், எவ்வளவு வெளிச்சம் வரை கறுப்பு என்று எண்ணலாம் எனச் சொல்லும் `limit` மதிப்பையும் குறைக்க வேண்டும். வழக்கமான வீடியோவில் கறுப்பு 16-இல் தொடங்குவதால் 24 என்பது எட்டே படி மேலே. PNG-இல் கறுப்பு 0 என்பதால் அதே 24 மிகத் தாராளம். தவிர, இது முதல் இரண்டு பிரேம்களைக் கணக்கில் எடுக்காது. தனிப் படத்துக்கு `-loop 1`, `-frames:v 5` சேர்க்காவிட்டால் விடையே வராது.

ஆகவே ஒரே படத்திலிருந்து பல பிரேம்கள் வேண்டுமென்றால், கிராப்டிடெக்டிடம் எண்ணை மட்டும் வாங்கி, வெட்டும் வேலையை இமேஜ்மேஜிக்கிடம் ஒப்படைப்பதே சரி. ஒவ்வொரு பிரேமுக்கும் தனித்தனியாக ட்ரிம் ஓட்டினால் ஒன்று 804, ஒன்று 690, ஒன்று 798 என்று உயரங்கள் தாறுமாறாகும்.

```
magick mogrify -path out -crop 1920x804+0+138 +repage *.png
```

`out` என்ற கோப்புறையை முன்பே உருவாக்கி வையுங்கள். ஐமேக்ஸ் காட்சிகள் இடையிடையே வரும் படமாக இருந்தால் பட்டையின் உயரமே காட்சிக்குக் காட்சி மாறும். அந்தப் பிரேம்களைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

திரைப்பதிவு என்றால் இன்னொரு சிக்கல். 1366×768 மடிக்கணினியில் முழுத்திரையாக ஓட்டிப் பதிந்தால் படம் 572 வரிசையாகச் சுருங்கி, பட்டை 98 ஆகும். சுருக்கும்போது விளிம்பு வரிசையில் படமும் கறுப்பும் கலந்துவிடுவதால், கணக்குப்படி வெட்டினாலும் மேலே மங்கலாக ஒரு கோடு மிஞ்சும். `1366x570+0+99` என்று இருபுறமும் ஒரு வரிசை கூடுதலாக எடுத்துவிடுங்கள். பதிவுக்குப் பதிலாக எம்பிவி பிளேயரில் Shift+S அழுத்தினால், சப்டைட்டில் இல்லாமல், வீடியோவின் அசல் அளவிலேயே பிரேம் கிடைத்துவிடும்.

கையில் JPEG மட்டுமே இருந்து, தரம் குறையாமல் வெட்ட `jpegtran` எடுப்பவர்கள் 138 என்று கொடுத்துவிட்டுப் பத்து வரிசைக் கறுப்பு ஏன் மிஞ்சியது என்று குழம்புவார்கள். பெரும்பாலான JPEG-கள் 16 பிக்சல் கட்டங்களாகச் சேமிக்கப்படுவதால், தொடக்கம் தானாகவே 128-க்கு இறங்கிவிடுகிறது. அடுத்த கட்டமான 144-இல் தொடங்கி `1920x798+0+144` என்று கொடுத்தால் கறுப்பு முழுதாகப் போகும். படத்தின் மேல்விளிம்பில் ஆறு வரிசையை இழக்க வேண்டும்.