முக்கோண தூர அட்டவணை: முழுச் சதுரமா, ஜோடிப் பட்டியலா?

பழைய டைரியின் கடைசிப் பக்கங்களில் ஊர்களுக்கு இடையிலான தூரத்தைப் படிக்கட்டு மாதிரி அச்சடித்திருப்பார்கள். பாதிக் கட்டங்களில் எண், மீதிப் பாதி வெறுமை. சென்னையிலிருந்து மதுரைக்கு எவ்வளவோ மதுரையிலிருந்து சென்னைக்கும் அவ்வளவுதான், எதற்கு இரண்டு முறை அச்சடிக்க வேண்டும் என்ற சிக்கனம். விரல் வைத்துப் பார்ப்பவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பயணப்படி பில்லையோ லாரி வாடகையையோ எக்செல்லில் கணக்குப் போட உட்காரும்போதுதான் சிக்கல் வரும். தேடுகிற சூத்திரம் பாதி நேரம் வெற்றுக் கட்டத்தில் போய் நிற்கும்.

வழி இரண்டு. வெறுமையாக உள்ள பாதியை நிரப்பி முழுச் சதுரமாக்கலாம். அல்லது கட்டங்களைக் கலைத்து, ‘ஊர், ஊர், தூரம்’ என்று வரிக்கு ஒரு ஜோடியாகப் பட்டியல் போடலாம். இரண்டையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். எது சுலபம் என்பதைவிட, பிழை வந்தால் எது நம்மிடம் அதை மறைக்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஐந்து ஊர்களை வைத்துப் பார்ப்போம். கிலோமீட்டர் கணக்கு சாலைவழித் தூரம், உதாரணத்துக்காக முழுமையாக்கிய சுமாரான எண்கள்.

| | சென்னை | சேலம் | கோவை | திருச்சி | மதுரை |
|---|---|---|---|---|---|
| சென்னை | | | | | |
| சேலம் | 345 | | | | |
| கோவை | 505 | 165 | | | |
| திருச்சி | 330 | 140 | 215 | | |
| மதுரை | 460 | 235 | 215 | 135 | |

ஐந்து ஊர் என்றால் பத்து ஜோடி. ஊர் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்துப் பெருக்கி, இரண்டால் வகுத்தால் போதும். முப்பது ஊருக்கு 435. இந்த எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முதலில் முழுச் சதுரம். சோம்பேறி வழி ஒன்று உண்டு, அது நன்றாகவே வேலை செய்யும். அட்டவணைத் தாளை அப்படியே ஒரு நகல் எடுங்கள். மூலத் தாளில் ஊர்ப் பெயர்களை மட்டும் விட்டு, வெற்றுக் கட்டங்களோடு சதுரம் முழுவதையும் காப்பி செய்து, நகல் தாளில் அதே இடத்தில் `Paste Special` போய் `Skip blanks`, `Transpose` இரண்டையும் டிக் செய்து ஒட்டுங்கள். கீழ்ப் பாதி புரண்டு மேல் பாதியில் உட்காரும், வெற்றுக் கட்டங்கள் ஏற்கெனவே இருப்பதை அழிக்காது. அரை நிமிட வேலை. ஆனால் வெறுமையாகத் தெரியும் கட்டத்தில் யாராவது ஸ்பேஸ் பாரைத் தட்டி வைத்திருந்தாலோ, 0 போட்டிருந்தாலோ எக்செல்லுக்கு அது வெறுமை இல்லை. அந்த ஸ்பேஸோ சைபரோ புரண்டுபோய் உண்மையான தூரத்தின் மேல் உட்கார்ந்துவிடும். ஒட்டிய பிறகு இன்னொரு தொல்லையும் உண்டு: ஒரே தூரம் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. புறவழிச்சாலை வந்து தூரம் மாறினால் ஒன்றைத் திருத்துவோம், மற்றொன்றை மறப்போம். அதன்பின் போகும்போது ஒரு தூரம், வரும்போது ஒரு தூரம்.

அதனால் சதுரம்தான் வேண்டும் என்றால் சூத்திரமாகப் போடுவதே மேல். மூலம் `Data` தாளில் A1-இலிருந்து தொடங்குகிறது, ஊர்ப் பெயர்கள் முதல் வரிசையிலும் A நெடுவரிசையிலும் ஒரே வரிசைமுறையில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். புதுத் தாளில் B2-இல் இதை எழுதி, வலப்பக்கமும் கீழும் இழுத்தால் போதும்:

```
=IF(ROW()=COLUMN(),0,
 INDEX(Data!$A$1:$F$6,MAX(ROW(),COLUMN()),MIN(ROW(),COLUMN())))
```

எந்தக் கட்டத்தில் நின்றாலும் பெரிய எண்ணை வரிசையாகவும் சிறியதை நெடுவரிசையாகவும் எடுத்துக்கொள்வதால், அது எப்போதும் கீழ்ப் பாதியிலேயே தேடும். மூலத்தில் ஒரே இடத்தில் திருத்தினால் இரண்டு பக்கமும் மாறும். அழகான சூத்திரம்தான், ஆனால் ஒரு விஷயத்தில் இது பொய் சொல்லும். கோவை–திருச்சி தூரத்தை நிரப்ப மறந்துவிட்டீர்கள் என்றால் `INDEX` அந்த வெறுமையை 0 என்று கொண்டுவரும். கோவையும் திருச்சியும் ஒரே ஊர் என்றாகிவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. எனக்கு இது ஒருமுறை நடந்திருக்கிறது. ஒரு மாதப் பில் முழுக்க ஒருவருக்கு அந்தப் பயணத்துக்குச் சல்லிக்காசு வரவில்லை, அவர் வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. `=COUNT(Data!B2:F6)` பத்து காட்டுகிறதா என்று பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

சரி, ஜோடிப் பட்டியல். எக்செல்லில் இதற்கு `Power Query` இருக்கிறது. அட்டவணையைத் தேர்ந்தெடுத்து `Data` மெனுவில் `From Table/Range` கொடுத்தால் அதன் ஜன்னல் திறக்கும். ஊர்ப் பெயர் உள்ள முதல் நெடுவரிசையைத் தொட்டு `Unpivot Other Columns` என்றால் பத்தே வரி வந்து நிற்கும். வெற்றுக் கட்டங்களை அது தானாகவே விட்டுவிடும். சதுரத்துக்கு இடைஞ்சலாக இருந்த அந்த வெறுமை, இங்கே நமக்குச் சாதகம். மூலைவிட்டத்தில் கோடோ சைபரோ இருந்தால் மட்டும் ‘மதுரை, மதுரை’ என்று கூடுதல் வரிகள் வரும், வடிகட்டிவிடலாம்.

பைதான் பழகியவர்களுக்கு இரண்டுமே ஒரு வரிதான்:

```python
import pandas as pd
d = pd.read_csv("dist.csv", index_col=0)
full = d.fillna(d.T)
pairs = d.stack().dropna()
```

`fillna` ஊர்ப் பெயரை வைத்துப் பொருத்துவதால் வரிசைமுறை மாறியிருந்தாலும் கவலை இல்லை. பக்கவாட்டில் ‘திருச்சி’, தலைப்பில் ‘திருச்சிராப்பள்ளி’ என்று இருந்தால் மட்டும் அந்தக் கட்டங்கள் `NaN` ஆகவே நிற்கும். எக்செல் போல அமைதியாகச் சைபர் போடாது. மூலைவிட்டமும் `NaN` ஆகத்தான் இருக்கும், அதை நாமே 0 ஆக்க வேண்டும்.

பட்டியலின் பெரிய வசதி, மூல அட்டவணை எந்த வடிவில் இருந்தாலும் அது முறுக்கிக்கொள்ளாது. பல அச்சு அட்டவணைகளில் பக்கவாட்டில் முதல் ஊரும், தலைப்பில் கடைசி ஊரும் இருக்காது. அங்கே நிரப்ப எண்ணே இல்லை என்பதால் விட்டுவிடுவார்கள். சதுரத்துக்கு ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். இல்லாவிட்டால் வரிசை எண்ணை நம்பிய அந்தச் சூத்திரம் ஒரு கட்டம் தள்ளிப் படிக்கும். பட்டியலுக்கு அந்தக் கவலையே இல்லை, நாலுக்கு நாலு கட்டமானாலும் அதே பத்து வரி.

இங்கே ஒரு கிளைக்கதை. பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்யும்போது கீழ்ப் பாதி நிரம்பிய அட்டவணை பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும், ஏனென்றால் வெறுமை எல்லாம் வலப்பக்கம். மேல் பாதி நிரம்பியதுதான் வம்பு. வெறுமை இடப்பக்கம் இருப்பதால் அது காணாமல் போய் ஒவ்வொரு வரியும் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். சேலத்தின் வரியில் கோவைக்கான 165, சென்னையின் கீழ் போய் நிற்கும். எண்கள் எல்லாம் இருக்கும், எண்ணிக்கையும் பத்தே காட்டும், ஊர்தான் தப்பாக இருக்கும். முக்கோணத்தின் செங்கோண மூலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

பட்டியலுக்கும் குறை உண்டு. நிரப்ப மறந்த ஜோடி அதில் சைபராகக்கூட நிற்காது, சுவடே இல்லாமல் போய்விடும். ஒன்பது வரியைப் பார்த்து ‘பத்தில் ஒன்று குறைகிறதே’ என்று கண் சொல்லாது. சதுரத்தில் ஓட்டை கண்ணை உறுத்தும், பட்டியலில் உறுத்தாது. ஓரத்தில் எழுதச் சொன்ன எண்ணோடு வரிகளை எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அப்புறம் திசை. பட்டியலில் ‘மதுரை, சென்னை’ என்று இருக்கும்போது ‘சென்னை, மதுரை’ என்று தேடினால் கிடைக்காது. சிலர் பட்டியலைத் திருப்பிப் போட்டு இருபது வரியாக்குவார்கள். அது ஒட்டிய சதுரத்தின் அதே நோய்தான், ஒரே உண்மை இரண்டு இடத்தில். பத்து வரியை அப்படியே விட்டுவிட்டுத் தேடும்போது இரண்டு திசையையும் கேட்பதே நல்லது:

```
=SUMIFS(C:C,A:A,H2,B:B,I2)+SUMIFS(C:C,A:A,I2,B:B,H2)
```

H2-இலும் I2-இலும் ஊர்கள். இந்தச் சூத்திரத்தைப் பழக்கதோஷத்தில் இருபது வரிப் பட்டியலின் மேல் போட்டுவிடாதீர்கள், சென்னை–மதுரை 920 கிலோமீட்டர் ஆகிவிடும்.

இவ்வளவும் பட்டியலுக்குச் சாதகமாகச் சொன்னேன். ஆனால் ஒரு வேலைக்குச் சதுரத்தை அடித்துக்கொள்ள முடியாது: தட்டச்சுப் பிழை பிடிக்க. நேர்வழித் தூரம், இன்னோர் ஊர் வழியாகச் சுற்றிப் போகும் தூரத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது. சேலம்–மதுரை 235 என்பதை யாரோ 325 என்று அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சதுரத்தில் சேலம் 3-வது வரிசை, மதுரை 6-வது. இரண்டு வரிசையையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டி, குறைந்ததை எடுத்தால் போதும்:

```
=MIN(B3:F3+B6:F6)
```

பழைய எக்செல்லில் இதை `Ctrl+Shift+Enter` போட்டு முடிக்க வேண்டும். விடை 275 வரும், அதாவது திருச்சி வழியாகப் போனால் 140-உம் 135-உம். நேராகப் போனால் 325, சுற்றிப் போனால் 275 என்றால் எங்கோ தப்பு. இதையே பட்டியலில் செய்யப் போனால் பட்டியலை அதனோடேயே இணைக்க வேண்டியிருக்கும், அதற்குச் சதுரமே போட்டுவிடலாம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. 235-ஐ 253 என்று அடித்திருந்தால் 275-க்குள் அடங்கிவிடுவதால் மாட்டாது. தூரம் குறைவாக அடிக்கப்பட்டால் சோதனை வேறு ஆளைக் காட்டிக் கொடுக்கும். திருச்சி–மதுரை 135-க்குப் பதில் 35 என்று விழுந்தால், சிவப்பு விளக்கு எரிவது சென்னை–மதுரையிலும் சேலம்–மதுரையிலும்: முன்னது நேராக 460, திருச்சி வழியாக 365; பின்னது நேராக 235, திருச்சி வழியாக 175. குற்றவாளி அங்கே இல்லை, சுற்றுவழியின் இரண்டு துண்டுகளில் ஒன்றில் இருக்கிறது. முன்னால் சொன்ன சைபர் பிழையும் இப்படித்தான் அகப்படும். கோவை–திருச்சி 0 ஆனால் சேலம்–கோவை 165, திருச்சி வழியாக 140 என்று ஆகிவிடும்.

ஆகவே நான் இப்போது செய்வது இது. மூலப் பிரதி பத்து வரிப் பட்டியல். அதில் நாலாவதாக ‘வழி’ என்று ஒரு நெடுவரிசை வைத்திருக்கிறேன், ஏனென்றால் கோவையிலிருந்து மதுரைக்குத் தாராபுரம் வழியா பழனி வழியா என்று கேட்காமல் யாரும் தூரத்தை ஒத்துக்கொள்வதில்லை. சதுரக் கட்டத்தில் அதை எழுத இடமே கிடையாது. சதுரத்தை இன்னொரு தாளில் மேலே உள்ள `SUMIFS` சூத்திரத்தாலேயே வரைந்துகொள்கிறேன், H2, I2-க்குப் பதில் `$A2`, `B$1`; A:A, B:B, C:C-க்குப் பதில், இழுக்கும்போது நகராதபடி பட்டியல் தாளின் பெயரோடு `List!$A:$A` என்கிற மாதிரி. வரிசை எண்ணை நம்பாமல் பெயரைக் கேட்பதால் நடுவில் ஓர் ஊரைச் சேர்த்தாலும் உடையாது. அந்தத் தாளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பூட்டியும் வைத்திருக்கிறேன்.

ஊர்கள் பத்துக்குள் என்றால், தேடுவது மட்டும்தான் வேலை என்றால், முக்கோணத்தை விரிக்கவே வேண்டாம். இரண்டு திசையிலும் `INDEX` போட்டு `MAX` எடுத்தால் வெறுமை தோற்று, எண் ஜெயிக்கும்.