பெருக்கல்–கூட்டல் முறை: பல வருஷ டியூஷனுக்குப் பிறகு

ஏற்காட்டில் இருக்கும் தோழி போன வாரம் போன் பண்ணினாள். "பாப்பா ஒன்பதாவது போயிட்டாடி. இருபடிக் கோவையைக் காரணிப்படுத்த இன்னும் அந்த 'பெருக்கினா இது, கூட்டினா இது' முறைதானா? இல்ல, நேரா சூத்திரத்தையே போடச் சொல்லிடட்டுமா?" சேலம் அம்மாப்பேட்டையில் மாலை டியூஷன் எடுக்கிற எனக்கு இது தினமும் கையில் புழங்குகிற முறை. போனில் ஒரு வரியில் சொல்லி முடிகிற பதில் என்னிடம் இல்லை.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். x² + 13x + 36 என்று கொடுத்தால் பெரிதாக ஒரு X போட்டு, மேலே 36, கீழே 13 எழுதுவோம். பெருக்கினால் 36, கூட்டினால் 13 வரும் இரண்டு எண்கள் 4, 9. ஆக (x + 4)(x + 9). மாறிலி மிகை எண்ணாக இருக்கும்வரை இந்த முறையின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சுமாராகப் படிக்கிற பிள்ளைகூட இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும்.

என் கோபமெல்லாம் மாறிலி மைனஸாக வரும் இடத்தில்தான். x² − 5x − 36 கொடுத்துப் பாருங்கள். மேலே −36, கீழே −5 என்று சரியாகத்தான் எழுதுவார்கள். அப்புறம் 36 என்றதும் பழகிய 4, 9 கைக்கு வரும். கீழே மைனஸ் இருக்கிறதே என்று இரண்டுக்கும் மைனஸ் போடுவார்கள். கூட்டினால் −13. இது இல்லை என்று அழிப்பார்கள். அடுத்து ஒன்றுக்கு மட்டும் மைனஸ், ஆனால் எதற்கு என்று தெரியாது. −4, +9 என்று வைத்துப் பெருக்கிப் பார்த்து, −36 வந்ததும் (x − 4)(x + 9) என்று விடையை எழுதி மூடிவிடுவார்கள். அதை விரித்தால் x² + 5x − 36 வரும். கேட்டது −5x. குறியை மாற்றி (x + 4)(x − 9) என்று வைத்தாலும் கடைசி உறுப்பு அதே −36தான். அதனால் கடைசி உறுப்பை மட்டும் பெருக்கிப் பார்க்கிற பிள்ளைக்குத் தப்பு கண்ணில் படவே படாது. நடு உறுப்பைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெருக்கற்பலன் மைனஸ் என்றால் ஒன்று மிகை எண், மற்றது குறை எண். அவற்றைக் கூட்டுவது உண்மையில் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான். தேட வேண்டியது 36 பெருக்கற்பலனும் 5 வித்தியாசமும் உள்ள ஜோடியை. அந்த X படம் இதைச் சொல்வதே இல்லை. மாறிலி எந்தக் குறியில் இருந்தாலும் ஒரே படம், ஒரே கேள்வி.

தோழிக்கு அவள் வீட்டுக் களத்தை வைத்தே சொன்னேன். காபி காயப்போடும் களம் ஒன்று, பரப்பு 36 சதுர மீட்டர். நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் கூட. அகலத்தை x என்று வைத்தால் x(x + 5) = 36, அதாவது x² + 5x − 36 = 0. காரணிகள் (x + 9)(x − 4). அகலம் 4 மீட்டர், நீளம் 9 மீட்டர். சமன்பாட்டுக்கு −9 என்றும் ஒரு தீர்வு உண்டு, அகலம் மைனஸில் இருக்க முடியாது என்பதால் அதை விட்டுவிடுகிறோம். ஆனால் காரணியில் நின்ற 9-ம் 4-ம் களத்தின் இரண்டு பக்கங்களேதான்! மாறிலி மைனஸ் என்றால் பரப்பும் பக்கங்களின் வித்தியாசமும் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் குறியை மறந்து ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். நடு உறுப்பின் குறி எதுவோ அதைப் பெரிய எண்ணுக்குக் கொடுத்து, எதிர்க்குறியைச் சின்ன எண்ணுக்குக் கொடுத்தால் முடிந்தது. −5x என்றால் 9-க்கு மைனஸ்: (x − 9)(x + 4).

இப்படி வித்தியாசமாகப் பார்க்க ஆரம்பித்த பிறகு எனக்கு எதிர்பாராத ஒரு சந்தோஷம் கிடைத்தது. எங்கே தேடுவது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. x² + 7x − 144 பிள்ளைகளை மிரட்டும் கணக்கு, 144-க்கு அத்தனை ஜோடிகள். ஆனால் 12 × 12 என்று நடுவில் ஆரம்பித்தால் வித்தியாசம் 0. அதற்கு அடுத்த ஜோடி 9 × 16, வித்தியாசம் 7. கிடைத்துவிட்டது: (x + 16)(x − 9). நடுவிலிருந்து விலக விலக வித்தியாசம் கூடிக்கொண்டேதான் போகும். ஆகவே வேண்டியதைத் தாண்டிவிட்டால் நிறுத்திவிடலாம். x² + 5x − 12 என்றால் 3 × 4 வித்தியாசம் 1, 2 × 6 வித்தியாசம் 4, 1 × 12 வித்தியாசம் 11. ஐந்து இல்லை. முழு எண்களில் இதற்குக் காரணி கிடையாது என்று அடித்துச் சொல்லலாம், அரைப் பக்கம் கிறுக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையான ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. அதில் உள்ள கணக்கு இதுவேதான்: இரண்டு எண்களின் பெருக்கற்பலன் 60, வித்தியாசம் 7. நம் எழுத்தில் x² + 7x − 60. அவர்கள் ஜோடி ஜோடியாகத் தேடவில்லை. 7-ல் பாதி 3.5, அதன் வர்க்கம் 12.25, அதோடு 60 சேர்த்தால் 72.25, அதன் வர்க்கமூலம் 8.5. இத்துடன் 3.5 கூட்டினால் 12, கழித்தால் 5. குறி பற்றிய குழப்பமே இல்லை. முதல் தடவை இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது கடைசி பெஞ்சுப் பையன்கூட எழுந்து நின்று பார்த்தான்.

இவ்வளவு பிடித்திருந்தும், நேற்று திருத்திய நோட்டுகள் மனசைக் கெடுத்துவிட்டன. x² + 5x − 6 கொடுத்திருந்தேன். பாதிப் பேர் (x + 2)(x + 3). மைனஸைக் கவனிக்காமல் 6 என்று படித்திருக்கிறார்கள், அதற்கும் அழகாக ஒரு விடை வந்துவிட்டது. சரியான விடை (x + 6)(x − 1). பெரும்பாலான கணக்குகளில் குறியைத் தப்பாகப் படித்தால் ஜோடி கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடுவோம், அதனால் தப்பு தெரிந்துவிடும். சில எண்கள் மட்டும் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்திருக்கும். 5-ம் 6-ம் அப்படி, 10-ம் 24-ம் அப்படி, 13-ம் 30-ம் அப்படி. வகுப்பில் அதிகம் புழங்குவதோ அந்த 5-ம் 6-ம். முறை ஒரு சின்ன எச்சரிக்கைகூடக் கொடுக்காது.

அதனால் தோழிக்கு என் பதில்: மாறிலி பிளஸாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடட்டும். மைனஸாக இருந்தால், அந்த X படத்தோடு வேண்டவே வேண்டாம். பள்ளியில் கேட்டால் வரைந்து காட்டட்டும், வீட்டில் பாதி எடுத்து வர்க்கமாக்கும் வழியிலேயே போடட்டும். மேலே இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்பாள், கேட்கட்டும். அந்த நோட்டுகள் இன்னும் மேசை மேல்தான் கிடக்கின்றன.