தீபாவளிக்குச் சந்தை லீவா? மூன்று விடுமுறைப் பட்டியல்களின் ஒப்பீடு

2025-இல் நம் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. கோவை முதல் கரூர் வரை வங்கிகளுக்கு விடுமுறை. மும்பைப் பங்குச்சந்தை அன்றைக்கு முழு நாளும் நடந்தது. அடுத்த இரண்டு நாட்கள், 21-ஆம் தேதி லட்சுமி பூஜைக்கும் 22-ஆம் தேதி பலிபிரதிபதைக்கும் சந்தை மூடியிருந்தது. அந்த இரண்டு நாளும் இங்கே வங்கிகள் திறந்திருந்தன. 2024-லும் இதே கதைதான்: நமக்கு அக்டோபர் 31 தீபாவளி, சந்தைக்கு விடுமுறை நவம்பர் 1.

“ஏனுங்க, தீபாவளிக்கு மார்க்கெட் லீவுதானுங்களே?” என்று திருப்பூர் பக்கம் புரோக்கர் அலுவலகங்களில் வருடா வருடம் கேட்கிறார்கள். நம் தீபாவளியா, மும்பைக்காரர்களின் லட்சுமி பூஜையா என்று பிரித்துக் கேட்டால்தான் இதற்குச் சரியான பதில் கிடைக்கும். அதற்கு மூன்று பட்டியல்களைப் பார்க்க வேண்டும்: தமிழ்நாட்டு வங்கி விடுமுறை, சந்தையின் வர்த்தக விடுமுறை, விற்ற பங்கும் அதற்கான பணமும் கைமாறாத செட்டில்மென்ட் விடுமுறை. முதல் இரண்டும் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை, பணம் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

வங்கி விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அந்தந்த மாநிலத்துக்கு அறிவிக்கப்படும் நாட்களில் வங்கிகள் மூடுகின்றன. கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுக்காக நாமக்கல் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடும்போது ஆட்சியரின் அறிவிப்பில், இது அந்தச் சட்டத்தின் கீழ் வராது என்று ஒரு வரி இருக்கும். பள்ளிக்கூடம் லீவு, வங்கி உண்டு என்பதுதான் அந்த வரியின் பொருள். சந்தைக்கு இந்த உள்ளூர் விடுமுறையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

வர்த்தக விடுமுறையை என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டும் வருடக் கடைசியில் அடுத்த வருடத்துக்காக அறிவிக்கின்றன. நாடு முழுவதும் ஒரே பட்டியல்தான். ஆனால் இரண்டு சந்தைகளும் இருப்பது மும்பையில், அதனால் பட்டியலில் மகாராஷ்டிர வாடை தூக்கலாக இருக்கும். 2025 ஜனவரியில் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று 14, 15, 16 மூன்று நாளும் நம் வங்கிகள் மூடியிருந்தன. சந்தை மூன்று நாளும் ஓடியது. அதே வருடம் மகா சிவராத்திரி, ஹோலி, குருநானக் ஜெயந்தி ஆகிய நாட்களில் சந்தை மூடியிருந்தது. ஈரோட்டில் வங்கிக்குப் போனவர்கள் வழக்கம்போல வேலையை முடித்துக்கொண்டு வந்தார்கள்.

தேர்தலும் அப்படித்தான். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாம் ஏப்ரல் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்டபோது சந்தை திறந்திருந்தது. மும்பை ஓட்டுப் போட்ட மே 20-ஆம் தேதி சந்தைக்கு விடுமுறை.

சரி, இப்போது மூன்றாவது பட்டியல். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் டி+1 முறை வந்துவிட்டது. இன்றைக்கு விற்றால் அடுத்த வேலைநாளில் செட்டில்மென்ட் முடியும். அந்த ‘வேலைநாள்’ எது என்பதில்தான் சிக்கல். சந்தை திறந்திருந்தால் மட்டும் போதாது, பணத்தைக் கைமாற்றும் மும்பை வங்கிகளும் வேலை செய்ய வேண்டும். மும்பையில் வங்கிகள் மூடி சந்தை மட்டும் திறந்திருக்கும் நாட்களில் பங்கு வாங்கலாம், விற்கலாம், ஆனால் எந்தக் கணக்கும் செட்டில் ஆகாது. சத்ரபதி சிவாஜி ஜெயந்தியான பிப்ரவரி 19, வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஏப்ரல் 1 இரண்டும் இந்த வகை.

2025 மார்ச் கடைசியில் இது எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் தெளிவாகிவிடும். மார்ச் 28 வெள்ளிக்கிழமை ஒருவர் பங்குகளை விற்கிறார். சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. 31-ஆம் தேதி திங்கள் ரம்ஜானுக்கு வர்த்தக விடுமுறை. ஏப்ரல் 1 செவ்வாய்க்கிழமை சந்தை திறந்தது, விலைகள் ஓடின, ஆனால் அது செட்டில்மென்ட் விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமை விற்றதற்குச் செட்டில்மென்ட் ஏப்ரல் 2, புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை விற்றவருக்கும் அதே புதன்கிழமைதான். வர்த்தக விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்தவர் செவ்வாய்க்கிழமை பணத்தை எதிர்பார்த்திருப்பார். திரையில் சந்தை ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் செயலியில் ‘எடுக்கக்கூடிய தொகை’ என்ற இடத்தில் அந்தப் பணம் வந்திருக்காது. இப்படி ஒரு முரண்பாட்டைக் கண்டால் முதலில் செட்டில்மென்ட் பட்டியலைப் பாருங்கள். புரோக்கர் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்ற சந்தேகத்தை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இதே கணக்கை 2025 தீபாவளிக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் நம் ஊர்ப்பக்கம் பணத் தேவை குவிவது அப்போதுதான். திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் அக்டோபர் 18 சனிக்கிழமை, சம்பளத்தோடு போனஸும் கொடுக்க நினைக்கிறார். அது மூன்றாவது சனிக்கிழமை, அதனால் வங்கி உண்டு. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில்தான் மூடுவார்கள். அவர் பங்குகளை எப்போது விற்க வேண்டும்?

15-ஆம் தேதி புதன்கிழமை விற்றால் வியாழன் செட்டில் ஆகும். அன்று பணம் எடுக்கக் கோரிக்கை கொடுத்தால், வெள்ளிக்கிழமை வங்கிக் கணக்கில் இருக்க வாய்ப்பு அதிகம். 16-ஆம் தேதி வியாழன் விற்றால் வெள்ளி செட்டில் ஆகும். அப்புறம் எல்லாம் புரோக்கர் எத்தனை மணிக்குக் கோரிக்கைகளை அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் சனிக்கிழமை போனஸ் தள்ளிப்போகும். 17-ஆம் தேதி வெள்ளி விற்றால் செட்டில்மென்ட் தீபாவளித் திங்கட்கிழமை. போனஸுக்குப் பிரயோஜனம் இல்லை. தீபாவளியன்றே விற்றால்? 21, 22 இரண்டும் விடுமுறை, ஆக 23 வியாழக்கிழமைதான். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் ஒரே ஒரு வர்த்தக நாள் வித்தியாசம், செட்டில்மென்டில் மூன்று நாள் தள்ளிப்போகிறது.

நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் நாள் முழுக்க, விடுமுறையிலும் ஓடுகின்றன. ஆகவே செட்டில் ஆகி புரோக்கர் அனுப்பிவிட்ட பணத்தை நம் ஊர் வங்கி விடுமுறை தடுக்காது. பொங்கல் மூன்று நாளும் வங்கி மூடியிருக்கிறதே என்று பயந்து பங்கை முன்கூட்டியே விற்க வேண்டியதில்லை. கவுன்ட்டரில் பெரிய தொகையை ரொக்கமாக எடுப்பதற்கும் காசோலை பாஸாவதற்கும் மட்டும் அந்தப் பட்டியல் முக்கியம். என் கணிப்பில் பங்கு விற்பவருக்கு மூன்றில் மிகக் குறைவாகத் தேவைப்படுவது தமிழ்நாட்டு வங்கிப் பட்டியல்தான். நாம் அதிகம் பார்ப்பதும் அதைத்தான்.

ஆப்ஷன் எழுதுபவர்களுக்கு இன்னொரு விஷயம். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாள் விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்தைய வர்த்தக நாளுக்கு மாறும். 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி வார எக்ஸ்பைரி செவ்வாய்க்கிழமை. அக்டோபர் 21 செவ்வாய் விடுமுறை என்பதால் எக்ஸ்பைரி தீபாவளித் திங்கட்கிழமைக்கு வந்தது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பியவர், இன்னும் ஒருநாள் இருக்கிறது என்று நினைத்து பொசிஷனைத் திறந்து வைத்திருந்தால் ஆபத்து. விடுமுறையானாலும் செவ்வாய் மதியம் 1.45 முதல் 2.45 வரை சடங்குக்காக நடந்த முகூர்த்த வர்த்தகத்தில் அதைச் சரிசெய்யவும் முடியாது, அந்த ஒப்பந்தம் முந்தைய நாளே முடிந்துவிட்டது.

எங்கே பார்ப்பது? சிவகாசி தினசரி காலண்டர் தமிழ்நாட்டு விடுமுறைகளுக்கு நல்ல துணை, சந்தைக்கு உதவாது. ரிசர்வ் வங்கியின் rbi.org.in தளத்தில் விடுமுறை அட்டவணை உண்டு. அதில் சென்னையைத் தேர்ந்தெடுத்தால் நம் வங்கிகளின் நாட்கள் வரும். மும்பையைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதும் நல்லது, செட்டில்மென்ட் விடுமுறைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. புரோக்கர் செயலி வசதியானது, ஆனால் பலவற்றில் வர்த்தக விடுமுறை மட்டும் பளிச்சென்று தெரியும், செட்டில்மென்ட் விடுமுறை ஏதோ ஒரு அறிவிப்புக்குள் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் வருடம் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது என்எஸ்இ பக்கம்:

```
https://www.nseindia.com/resources/exchange-communication-holidays
```

அதில் Trading Holidays, Clearing Holidays என்று இரண்டு பிரிவுகள் இருக்கும். முதலாவது மட்டும் கண்ணில் படும். இரண்டாவதையும் அழுத்திப் பாருங்கள். மேலே சொன்ன ஏப்ரல் 1 சிக்கல் அந்த இரண்டாவது பிரிவில்தான் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் பங்கு, டெரிவேட்டிவ், நாணயம் எனத் தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். உங்களுக்கு உரியதையே பாருங்கள்.

கோவையில் தங்கம், வெள்ளியில் வர்த்தகம் செய்பவர்களுக்கு இந்தப் பக்கம் போதாது. கமாடிட்டி சந்தையான எம்சிஎக்ஸ் ஒரு நாளைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரிக்கிறது. பங்குச்சந்தை மூடும் பல நாட்களில் அங்கே காலை மட்டும் லீவு, மாலை 5 மணிக்குத் திறந்துவிடும். 2025 அக்டோபர் 22 அப்படித்தான். குடியரசு தினம், காந்தி ஜெயந்தி, கிறிஸ்துமஸ் போன்ற சில நாட்களில்தான் இரண்டு வேளையும் மூடல். இதை எம்சிஎக்ஸின் சொந்தத் தளத்திலேயே பார்க்க வேண்டும்.

டிசம்பரில் எடுத்த பிரிண்ட் அவுட்டை வருடம் முழுக்க நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2023-இல் பக்ரீத் விடுமுறை ஜூன் 28-லிருந்து 29-க்கு மாறியது. 29 வியாழன் மாத எக்ஸ்பைரி நாள் என்பதால் அதுவும் 28-க்கு முன்னால் வந்தது. 2024 ஜனவரி 22 திங்கட்கிழமை அயோத்தி விழாவுக்கு விடுமுறை என்று முந்தைய வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. ஈடாக 20-ஆம் தேதி சனிக்கிழமை முழு நாளும் சந்தை நடந்தது. 2025 பிப்ரவரி 1 பட்ஜெட் நாளும் சனிக்கிழமையே, அன்றும் சந்தை திறந்திருந்தது. பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைகளும் மகாராஷ்டிரத் தேர்தல்களும் பட்டியலை இப்படி மாற்றும். அவை வரும் வாரத்தில், விற்பதற்கு முந்தைய மாலை அந்தப் பக்கத்தின் இரண்டு பிரிவுகளையும் மறுபடி திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.