சார்ட்டில் பெயர் தப்பிய இரவு: ஒயிட்னரா, சுரண்டலா, ஒட்டா, பதிப்பா?

கதை சின்னதுதான். கோவையில் எட்டாம் வகுப்பு படிக்கும் கயல், நாளைய அறிவியல் கண்காட்சிக்குத் தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாளைப் பற்றி மஞ்சள் சார்ட் தயாரித்திருக்கிறாள். கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அவர் செய்த ஆய்வு, ஆங்கிலேய மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் வெளியிட்ட குரோமோசோம் நூல், 1977இல் பெற்ற பத்மஸ்ரீ எல்லாம் சரியாக இருக்கின்றன. தலைப்பில் மட்டும் ‘ஜானகி அம்மால்’ என்று நிற்கிறது. அதுவும் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில், நீலப் பெர்மனன்ட் மார்க்கரில். இரவு எட்டரை மணி. தெருமுனை ஸ்டேஷனரி கடை மூடியாயிற்று.

கயலின் கை முதலில் ஒயிட்னர் பேனாவுக்குத்தான் போகிறது. நோட்டில் பால்பாயின்ட் பேனா எழுத்தை மறைக்க அது போதும். சார்ட்டில் மூன்று விதமாகக் காலை வாரும். முதலாவது, மஞ்சள் தாளில் வெள்ளைத் திட்டு தூரத்திலேயே தெரியும். இரண்டாவது, பெரும்பாலான ஒயிட்னர்களில் இருக்கும் கரைப்பான் மார்க்கர் மையையும் கரைக்கக்கூடியது. ஒயிட்னர் ஈரமாக இருக்கும்போதே கீழே உள்ள நீலம் கரைந்து மேலே வந்து திட்டை வெளிர்நீலமாக்கிவிடும். இன்னொரு பூச்சு போட்டால் மறையும் என்று நினைத்துத் தடிமனாகப் பூசினால், காய்ந்தபின் தாளைச் சுருட்டும்போது வெடித்து உதிரும். மூன்றாவது, காய்ந்த ஒயிட்னர் மையை உறிஞ்சாது. அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் மை முத்துமுத்தாக நிற்கும், விரல் பட்டால் இழுபடும். வெள்ளைச் சார்ட்டில், ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த எழுத்தில், ஒரு புள்ளியையோ கொம்பையோ திருத்த மட்டும் ஒயிட்னரை நம்பலாம். தலைப்புக்கு வேண்டாம்.

பிளேடால் சுரண்டுவது பழைய வித்தை. கெட்டியான ஐவரி அட்டையில், மை மேற்பரப்பில் நிற்கும்போது அது பலிக்கும். சார்ட் தாளில் மார்க்கர் மை உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பக்கத்தைப் பார்த்தாலே அதன் நிழல் தெரியும். அந்த ஆழம்வரை சுரண்டினால் தாளில் ஓட்டை விழும். அரைகுறையாகச் சுரண்டினாலும் மை பரவாமல் தடுக்கும் மேற்பூச்சு போய், நார் எழும்பிவிடும். அந்த இடத்தில் மறுபடி எழுதினால் மை ரோமம் ரோமமாகக் கசியும். இந்தச் சார்ட்டுக்கு இந்த வழி இல்லை.

முழுச் சார்ட்டையும் மறுபடி எழுதலாமா? அப்பா பக்கத்து வீட்டில் சார்ட் கேட்டு வரத் தயாராக இருக்கிறார். ஆனால் படங்களைக் கழற்றி, கோடு போட்டு, எட்டுப் பத்திகளை எழுத மூன்று மணி நேரமாவது ஆகும். பதினோரு மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளை புதிதாக இரண்டு பிழை செய்வாள். பெயர் நாலைந்து இடங்களில் தப்பியிருந்தால் மட்டுமே இதை யோசிக்கலாம். கயலின் சார்ட்டில் தலைப்பில் மட்டும்தான் தவறு. அதை எப்படி உறுதி செய்தாள் என்பது முக்கியம்: பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, பட விளக்கம், மாதிரியின் பெயர்ச்சீட்டு, செய்முறை நோட்டின் அட்டை என்று பெயர் வரும் இடங்களை மட்டும் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். மேலிருந்து வாசித்துக்கொண்டே போனால், இருக்க வேண்டியதைத்தான் கண் பார்க்கும், இருப்பதைப் பார்க்காது.

மிஞ்சியவை இரண்டு: மேலே ஒட்டுவது, வெட்டிப் பதிப்பது.

மேலே ஒட்டுவதில் எல்லோரும் செய்யும் தவறு, ‘ல்’ மேல் மட்டும் ஒரு சதுரத்தை ஒட்டி ‘ள்’ எழுதுவது. கண்காட்சி அரங்கில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் அந்தச் சதுரத்தின் விளிம்பு நிழல் கட்டும். பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். ஒட்டுவதென்றால் முழுப் பெயரையும் வேறு நிறத் தாளில் எழுதி, பெயர்ப்பலகை மாதிரி ஒட்ட வேண்டும். அப்போது விளிம்பு அலங்காரமாகிவிடும். பச்சைத் தாள் என்றால் கீழே உள்ள நீலமும் தெரியாது. வெளிர்நிறமென்றால் இரண்டு அடுக்கு வேண்டும். பசையில் கவனம் தேவை. ஃபெவிகால், சோற்றுப்பசை இரண்டிலும் தண்ணீர் உண்டு. தாள் ஊறி அலையலையாக எழும்பும், ஸ்கெட்ச் பேனா மை கரையும். குச்சிப் பசையை விளிம்புவரை பூசினால் இந்தத் தொல்லை குறைவு. மொத்தம் முக்கால் மணி நேர வேலை. எட்டாம் வகுப்புப் பிள்ளை தனியாகவே செய்யலாம்.

பதிப்பது நுட்பமான வேலை. சரியாகச் செய்தால் திருத்தியதே தெரியாது. அதற்கு அதே சார்ட்டின் தாள் வேண்டும். வேறு கட்டிலிருந்து எடுத்த மஞ்சள் பெரும்பாலும் ஒரு சாயல் மாறியிருக்கும்.

“மிச்சத் துண்டு ஏதாச்சும் இருக்குதா கண்ணு?” என்கிறார் அம்மா.

“இல்லீங்கம்மா. ஆனா கரும்புப் படத்துக்குப் பின்னாடி இருக்கறது யாருக்கும் தெரியாதுல்லீங்க?”

இந்த யோசனைதான் கதையின் திருப்பம். படம் நான்கு மூலையில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டு மூலையை மெல்லக் கிளப்பி, அடியிலிருந்து இருபதுக்கு ஒன்பது சென்டிமீட்டர் துண்டை வெட்டி எடுக்கிறார்கள். படம் அதைவிடப் பெரியது, ஓட்டையை மூடிவிடும். முழுதும் பசை தடவி ஒட்டிய படமென்றால் இது நடக்காது. அப்போது பெயர்ப்பலகைதான் வழி.

துண்டில் முதலில் பென்சிலால் இரண்டு கோடு, பழைய எழுத்தின் மேல்மட்டமும் அடிமட்டமும் அளந்து. அதே மார்க்கரால் ‘அம்மாள்’. எழுதிக் காய்ந்த பிறகுதான் வெட்டு. மாற்றிச் செய்து, பதித்தபின் எழுதினால், மூட்டு வழியாக மை ஓடும். இனி, தடித்த அட்டைமேல் சார்ட்டைப் பரப்பி, பழைய சொல்லின் மேல் புதுத் துண்டைப் பொருத்தி, நகராமல் டேப்பால் லேசாகப் பிடித்து, இரும்பு ஸ்கேல் வைத்து இரண்டு தாளையும் ஒன்றாக வெட்ட வேண்டும். வெட்டுக்கோடு ‘ஜானகி’க்கும் ‘அம்மாள்’க்கும் நடுவே உள்ள இடைவெளியில் விழட்டும், எழுத்துகளுக்கு நடுவே வெட்டினால் கண் கண்டுபிடித்துவிடும். புது பிளேடு, செங்குத்தாகப் பிடித்து, ஒரே அழுத்தாக அல்லாமல் மூன்று மென்மையான இழுப்பு. பிளேடு சாய்ந்தால் மேல்தாளும் அடித்தாளும் வேறு வேறு அளவில் வெட்டுப்படும், இடுக்கு தெரியும். அம்மா தையல் வேலை செய்பவர், கை நடுங்காது. பிளேடு அவர் கையில். நறுக்கிய பழைய சொல்லை எடுத்துவிட்டால் புதியது அந்தக் குழியில் அச்சாக உட்காரும். சார்ட்டைக் கவிழ்த்து, இரண்டு சென்டிமீட்டர் அகல வெள்ளைத்தாள் பட்டைகளைக் குச்சிப் பசையால் நான்கு மூட்டின் மேலும் ஒட்டி, ஒரு மணி நேரம் புத்தகங்களை அடுக்கி வைக்கிறார்கள். முன்பக்கம் டேப் கூடாது, டியூப்லைட்டில் பளபளக்கும்.

ஒன்றைத்தான் சொல் என்றால்: அதே தாளும் பிளேடு பிடிக்கப் பெரியவர் கையும் இருந்தால் பதிப்பு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பெயர்ப்பலகை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் கொண்டுபோகும்போது சார்ட்டைச் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக எடுத்துச் செல்ல வேண்டும். பேருந்தில் முடியாதென்றால், எழுத்து உள்பக்கம் வரும்படி தளர்வாகச் சுருட்டினால் விளிம்புகள் கிளம்பாது.