பேட்டரியை மாடல் எண் வைத்துப் பட்டியலிடுவது: சில வருட அனுபவம்

மாற்று லேப்டாப் பேட்டரிகளும் கொஞ்சம் பிரிண்டர் இங்க்கும் ஆன்லைனில் விற்கிறேன். சில வருடங்களாகவே எந்தப் பொருளையும் அதன் மேல் அச்சாகியிருக்கும் எண்ணை வைத்துத்தான் பட்டியலிடுகிறேன். எந்த லேப்டாப்புக்குப் பொருந்தும் என்பது அதற்கு அப்புறம்தான் வரும். பார்க்க எளிய மாற்றம்தான். ஆனால் எந்த எண்ணை எடுப்பது, எங்கே போடுவது என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது. இங்க்கைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தலைவலி அதிகம் கொடுப்பது பேட்டரிதான்.

ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். "எச்பி 250 பேட்டரி வேண்டும்" என்று கேட்டு வருபவர்கள் ஏராளம். அப்படி ஒரு பேட்டரியே கிடையாது. 250 என்பது வருடாவருடம் உள்ளே மாறிக்கொண்டே வந்த ஒரு வரிசையின் பெயர். 250 G4, 250 G5 இரண்டும் HS03 அல்லது HS04 எடுக்கும். 250 G6 வந்ததும் அது JC03, JC04 ஆகிவிட்டது. 250 G7-க்கு HT03. அது லேப்டாப்புக்கு உள்ளே இருப்பது, அடிமூடியைக் கழற்றினால்தான் கண்ணில் படும். பெட்டியிலும் பில்லிலும் 250 என்று மட்டும் பார்த்தவருக்கு இந்த G எழுத்தும் பக்கத்து எண்ணும் முக்கியமாகவே படாது. அவருக்கு அது "எச்பி லேப்டாப்", அவ்வளவுதான்.

சரி, G6 என்று தெளிவாகச் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியவில்லை. JC03-ல் மூன்று செல், JC04-ல் நான்கு செல். JC03-ன் லேபிளில் 10.95 வோல்ட், 31.2 வாட்-அவர் என்று இருக்கும். JC04-ல் 14.6 வோல்ட், 41.6 வாட்-அவர். வாட்-அவரை வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் 2850 மில்லி ஆம்ப்-அவருக்குப் பக்கத்தில்தான் வரும். வாங்குபவர்கள் பெரும்பாலும் மில்லி ஆம்ப் எண்ணைத்தான் ஒப்பிடுகிறார்கள், மொபைலில் பழகிய பழக்கம். இங்கே அந்த எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. அதனால் என் பட்டியலில் வோல்ட்டையும் வாட்-அவரையும் மேலே போட்டு, மில்லி ஆம்பைக் கீழே தள்ளிவிட்டேன். கேட்டால் மட்டும் சொல்வேன்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். HS04, JC04 இரண்டுமே நான்கு செல், இரண்டுமே ஏறக்குறைய 41 வாட்-அவர். கணக்குப்படி இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. ஆக, வோல்ட் சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் பேட்டரி பொருந்தும் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

இதனால் வந்த முதல் முடிவு, ஒரு எண்ணுக்கு ஒரு பக்கம். JC03-க்குத் தனிப் பக்கம், JC04-க்குத் தனிப் பக்கம். ஒரே பக்கத்தில் இரண்டையும் வைத்து, கீழே தேர்வுப் பெட்டியில் பிரிப்பது விற்பவருக்கு வசதிதான், இருப்பு பார்ப்பதும் எளிது. ஆனால் வாங்குபவர் தலைப்பில் தன் எண்ணைப் பார்த்த நிம்மதியில், பெட்டியில் ஏற்கெனவே தேர்வாகி நிற்பதை அப்படியே ஆர்டர் போட்டுவிடுகிறார். இன்னொரு கெடுதலும் உண்டு. இரண்டு பேட்டரிக்கான விமர்சனங்களும் ஒரே இடத்தில் குவிகின்றன. "என் லேப்டாப்புக்கு அருமையாகப் பொருந்தியது" என்று ஒருவர் JC04 வாங்கி எழுதியதை, JC03 வேண்டியவர் தனக்குச் சொன்னதாகப் படித்துக்கொள்கிறார்.

இரண்டாவது, தலைப்பில் எண்தான் முதலில். மொபைல் திரையில் தலைப்பின் பின்பாதி வெட்டுப்பட்டுப் போகும். "உயர்தர", "நீண்ட நேரம் உழைக்கும்" என்றெல்லாம் ஆரம்பித்தால் உண்மையான எண் அந்த வெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். இப்போது என் தலைப்பு "JC04, 14.6 வோல்ட், 41.6 வாட்-அவர், எச்பி லேப்டாப்புக்கு மாற்று பேட்டரி" என்ற அளவில் நின்றுவிடுகிறது. "எச்பி பேட்டரி" என்று எழுதாமல் "எச்பி லேப்டாப்புக்கு மாற்று" என்று எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. கம்பெனி தயாரிப்பு என்று நினைத்து வாங்கி, வந்ததும் லோகோ இல்லையே என்று திருப்பி அனுப்புபவர்கள் இதில் குறைகிறார்கள்.

இனி லேபிளுக்கு வருவோம். எச்பி பேட்டரியின் லேபிளில் ஒன்றல்ல, பல எண்கள் இருக்கும். JC04 மாதிரியான குட்டிப் பெயர் ஒன்று. HSTNN என்று ஆரம்பிக்கும் எண் ஒன்று, இது அரசு ஒழுங்குமுறைச் சான்றுகளுக்கானது. ஒரே பேட்டரிக் குடும்பத்துக்கு இதில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம், அதனால் ஆர்டர் போட இதை மட்டும் நம்பக் கூடாது. அப்புறம் ஆறு இலக்கம், ஒரு கோடு, மூன்று இலக்கம் என்ற வடிவில் உதிரிபாக எண். JC04-க்கு அது 919701-850, JC03-க்கு 919700-850. வாங்குபவர் எதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார் என்று சொல்ல முடியாது. ஆகவே மூன்றையும் விவரத்தில் எழுதுகிறேன், ஆனால் தலைப்பில் குட்டிப் பெயர் மட்டும்தான்.

டெல்லில் வேறு கூத்து. WDX0R என்ற பேட்டரியில் நடுவில் இருப்பது பூஜ்யம். தேடுபவர்களில் ஒரு பகுதியினர் அதை O என்றுதான் அடிப்பார்கள். போதாததற்கு லேபிளில் DP/N என்ற இடத்தில் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 0WDX0R என்று அச்சாகியிருக்கும். அதனால் தேடல் சொற்களில் WDX0R, WDXOR, 0WDX0R மூன்றையும் கொடுத்துவிடுவேன். தலைப்பில் மட்டும் சரியான வடிவம். தவறான எழுத்து தேடலில் ஆளைக் கூட்டிவர உதவட்டும், அவர் கண்ணில் படுவது சரியானதாக இருக்கட்டும்.

உள்ளே பொருத்திய பேட்டரி என்றால் மூடியைத் திறக்கச் சொல்வது எல்லாருக்கும் சரிவராது. விண்டோஸ் லேப்டாப் ஓடுகிற நிலையில் இருந்தால், கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இதை அடிக்கச் சொல்வேன்:

```
powercfg /batteryreport
```

ஒரு HTML கோப்பு உருவாகும். எங்கே சேமித்தது என்பதை அதுவே காட்டும். அதில் NAME என்ற வரியில் லெனோவோவிலும் டெல்லிலும் பல சமயம் பேட்டரியின் எண்ணே வந்துவிடும். எச்பியில் சில சமயம் Primary என்று மட்டும் வந்து ஏமாற்றும். அப்போது DESIGN CAPACITY வரியைப் பார்க்க வேண்டும். 250 G6 என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு அங்கே சுமார் 31,000 மில்லிவாட்-அவர் என்று இருந்தால் JC03, 41,000-ஐ ஒட்டி இருந்தால் JC04. கீழேயே FULL CHARGE CAPACITY என்று ஒன்று இருக்கும், அது தேய்ந்துபோன இன்றைய அளவு. அதைப் படித்துவிட்டு 41-ஐ 31 என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ். இதைத் தனியாகச் சொல்லாமல் விட்டதே இல்லை.

இந்த வழிக்கும் ஒரு எல்லை உண்டு. ரிப்போர்ட் சொல்வது இப்போது உள்ளே இருக்கும் பேட்டரியைப் பற்றி, லேப்டாப்போடு வந்ததைப் பற்றி அல்ல. ஏற்கெனவே யாரோ ஒரு மாற்று பேட்டரி போட்டிருந்தால் அதில் என்ன பதிந்திருக்கிறதோ அதுதான் வரும்.

"பொருந்தும் மாடல்கள்" பட்டியலில்தான் என் அணுகுமுறை நன்றாகவே இறுகிவிட்டது. மற்ற விற்பனையாளர்கள் போட்டிருக்கும் நீண்ட பட்டியலை எடுத்து ஒட்டுவது மிக எளிது. ஒருவர் தப்பாக எழுதியது பத்துப் பேரிடம் போய், எங்கே தேடினாலும் அதுவே கிடைப்பதால் உண்மை போலவே ஆகிவிடுகிறது. எனவே தயாரிப்பாளர் வெளியிடும் பராமரிப்புக் கையேட்டில் இருந்தால் சேர்ப்பேன், அல்லது வாங்கியவர் பழைய லேபிளின் படத்தையும் லேப்டாப்பின் முழு மாடலையும் அனுப்பி, பொருந்தியது என்று சொன்னால் சேர்ப்பேன். வேறு வழியில் எதுவும் உள்ளே வராது. இதனால் என் பட்டியல் மற்றவர்களுடையதை விடக் குட்டையாக இருக்கும். தேடலில் கொஞ்சம் பின்னால் போகிறது என்பதும் உண்மைதான், பரவாயில்லை.

எச்பி லேப்டாப்பில் மாடல் பெயரே 15-bs0xx என்று கடைசியில் xx-ஓடு வரும். அது விடுபட்ட இலக்கம் இல்லை, அப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். "xx-க்குப் பதில் என்ன போட வேண்டும்?" என்ற கேள்வி ஓயாமல் வந்ததால், பட்டியலிலும் அப்படியே 15-bs0xx என்று எழுதிவிட்டேன். இந்த வரிசைக்கும் JC03, JC04 இரண்டுமே கையேட்டில் உண்டு என்பதால், "பழைய பேட்டரியில் JC04 என்று இருந்தால் மட்டும்" என்ற வரி அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பலன் கொடுத்தது "இதற்குப் பொருந்தாது" என்ற பகுதி. JC04 பக்கத்தில் "250 G4, G5, G7-க்குப் பொருந்தாது, HS04-க்குப் பதிலாகப் போட முடியாது" என்று படத்துக்கு அடுத்தபடியாகவே எழுதியிருக்கிறேன். பொருந்தும் பட்டியலில் தன் மாடல் இல்லாவிட்டால் சேர்க்க மறந்திருப்பார்கள் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. பொருந்தாத பட்டியலில் தன் மாடலைப் பார்த்தால் யாரும் வாங்குவதில்லை.

இங்க் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நாடு மாறினால் எண் மாறும். எப்சனின் L3110 வகை பிரிண்டர்களுக்கான இங்க் ஆசியாவில் 003, மேற்கு ஐரோப்பாவில் 104, வட அமெரிக்காவில் 522 என்ற பெயர்களில் வருகிறது. எச்பி கார்ட்ரிட்ஜில் XL என்ற பின்னொட்டு மை அளவைத்தான் சொல்கிறது. 63 போட்ட இடத்தில் 63XL போடலாம். பேட்டரியில் கடைசி இலக்கம் மாறினால் கதையே மாறுகிறது, இங்கே பின்னொட்டு மாறினால் ஒன்றும் ஆகாது. இங்க்கின் வழக்கத்தைப் பேட்டரிக்குப் பாடமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் DeskJet 1112 என்பதும் DeskJet Ink Advantage 1115 என்பதும் ஒரே குடும்பம் போல ஒலித்தாலும் வேறு வேறு கார்ட்ரிட்ஜ் எடுப்பவை, அங்கே பிரிண்டரின் முழுப் பெயரையும் கேட்காமல் அனுப்புவதில்லை. பொதுவாக இங்க் வாங்குபவர் கார்ட்ரிட்ஜைக் கையால் கழற்றி எண்ணைப் படித்துவிடுகிறார், அதனால் தொல்லை குறைவு.

இத்தனைக்கும் பிறகும் தீராத ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை மாற்று பேட்டரி போட்டவர்கள். அந்த லேபிளில் JC03, JC04 இரண்டுமே சேர்ந்து அச்சாகியிருக்கும், சிலவற்றில் இன்னும் நாலைந்து எண்கள். லேபிளை நம்ப முடியாது, ரிப்போர்ட்டும் அந்த மாற்று பேட்டரியைத்தான் படிக்கும். அப்படிப்பட்டவர்களிடம் லேப்டாப்பின் அடியில் உள்ள தயாரிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, எச்பியின் பாகங்கள் தேடும் பக்கத்தில் அதைப் போட்டு, எந்த பேட்டரியோடு வந்தது என்று பார்த்துச் சொல்கிறேன். அடியில் இருந்த ஸ்டிக்கரே அழிந்துபோயிருந்தால் Fn, Esc இரண்டையும் சேர்த்து அழுத்தச் சொல்வேன். பெரும்பாலான எச்பி லேப்டாப்களில் தயாரிப்பு எண் திரையிலேயே வந்துவிடும்.