பறவைக்கு நல்ல உதாரணம் சிட்டுக்குருவியா, பென்குயினா?

இறகு, அலகு, முட்டை என்று விதிப்படி பார்த்தால் இரண்டும் பறவைதான். ஆனால் மனசு விதிப்படி நடப்பதில்லை. உளவியலாளர் எலினார் ரோஷ் 1975-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மாணவர்கள் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டார்கள். 1 என்றால் அச்சு அசலான பறவை. குருவிக்கு 1.18, பென்குயினுக்கு 4.53. குருவி சிறியது, பறக்கும், கீச்சிடும், கிளையில் உட்காரும். மற்ற பறவைகளோடு அதற்கு ஒற்றுமை அதிகம். பென்குயினுக்கு இதில் பாதிகூடத் தேறாது. இந்த வரிசை ஊருக்கு ஊர் மாறலாம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் கேட்டால் நாரையே முந்திக்கொள்ளும் என்பது என் ஊகம்.

சரி, அப்படியானால் பென்குயின் அரைப் பறவையா? இல்லை. 1983-இல் வந்த இன்னொரு ஆய்வில் பங்கேற்றவர்கள், ஒற்றைப்படை எண்ணுக்கு 447-ஐவிட 3 நல்ல உதாரணம் என்றார்கள். இரண்டுமே முழு ஒற்றைப்படைதானே! நல்ல உதாரணமா என்பது ஒரு கேள்வி, உள்ளே இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

எல்லை நிஜமாகவே மங்குவது தாமிரபரணிக் கரை வாழையில்தான். வளர்த்தி மரம் மாதிரி. வெட்டினால் உள்ளே கட்டையே கிடையாது, நீர் சொட்டும் மட்டைச் சுருள்தான். தாவரவியலார் அதை மரத்தில் சேர்ப்பதில்லை. தோப்புக்காரரோ காற்றில் எத்தனை மரம் சாய்ந்தது என்றுதான் எண்ணுவார்.